துணைநூற்பட்டியலைக் கையால் அடுக்குவது: தொங்கும் வரியும் அகரவரிசையும்

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் துணைநூற்பட்டியலைப் புரட்டினால், அது எப்படித் தட்டச்சானது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாம் வரி ஓரிடத்தில் அரை அங்குலம் உள்ளே தள்ளியிருக்கும், அடுத்த பதிவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இன்னொன்றில் வரி பாதியில் முறிந்து மீதி கீழே தொங்கும். அகரவரிசையும் ஓரிடத்தில் சறுக்கியிருக்கும். பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் பட்டியல் கோணலாக நிற்பதற்கு முதற்காரணம் ஒன்றுதான். ஒரு நூலுக்கு ஒரே பத்தி என்ற விதி எங்கோ உடைந்திருக்கிறது.

வேர்ட் மென்பொருளில் பத்தி என்பது ஒரு முறை Enter தட்டியதிலிருந்து அடுத்த முறை தட்டுவது வரை உள்ள பகுதி. அதன் முடிவில் ¶ என்ற குறி ஒளிந்திருக்கும். Ctrl+Shift+8 அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியும். உள்தள்ளல், வரி இடைவெளி, ஓரச் சீர்மை எல்லாம் இந்தக் குறிக்குள்தான் பதிந்திருக்கின்றன. அகரவரிசைப்படுத்தும் வசதியும் எழுத்தைப் பத்தி பத்தியாகத்தான் எடுத்து நகர்த்தும். ஆகவே ஒரு நூலின் விவரம் இரண்டு பத்திகளாக உடைந்திருந்தால், அதன் இரண்டாம் பாதி தனிப் பதிவாக எண்ணப்பட்டு எங்கோ போய் விழும். பட்டியலை வரிசைப்படுத்தியதும் "சென்னை:" என்று தொடங்கும் நான்கைந்து வரிகள் ச-வுக்குக் கீழே ஒன்றாகக் கூடியிருந்தால், அல்லது https என்று தொடங்கும் வரிகள் தனியே ஒரு கொத்தாக நின்றால், நடந்தது இதுதான்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பட்டியலை மட்டும் தேர்ந்தெடுத்து, கீழே இடப்பக்கம் தெரியும் சொல் எண்ணிக்கையைச் சொடுக்குங்கள். திறக்கும் பெட்டியில் Paragraphs என்று ஓர் எண் இருக்கும். நூல்களை நீங்கள் கையால் எண்ணி 84 வந்து, பெட்டி 91 என்று காட்டினால், ஏழு இடங்களில் தேவையில்லாத Enter இருக்கிறது.

இந்த Enter பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? இரண்டாம் வரியை உள்ளே தள்ளவேண்டும் என்று நினைத்து, முதல் வரி முடிந்ததும் Enter, பிறகு Tab என்று தட்டியதிலிருந்து. சிலர் Enter-க்குப் பதில் Shift+Enter தட்டுவார்கள். அப்போது பத்தி உடையாது, ஆனால் ↵ என்ற குறியோடு வரி மட்டும் முறியும். இது வரிசைப்படுத்தலைக் கெடுக்காது. ஆனால் எழுத்துருவையோ பக்க ஓரத்தையோ மாற்றிய கணமே முறிவு தவறான இடத்துக்கு வந்துவிடும். பத்தி இரு ஓரமும் நிரப்பப்பட்டிருந்தால், முறிந்த வரியின் சொற்கள் ஓரம் வரை இழுபட்டு இடையிடையே பெரிய ஓட்டைகள் விழும்.

இப்படித் தட்டிய பட்டியலை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டாம். தொடர்வரிகள் எல்லாம் Tab-இல் தொடங்குகின்றன, புதிய பதிவுகள் Tab இல்லாமல் தொடங்குகின்றன என்ற வேறுபாடே போதும். பட்டியலைத் தேர்ந்தெடுத்து Ctrl+H திறந்து, தேடும் கட்டத்தில் முதல் குறியீட்டை இட்டு, மாற்றும் கட்டத்தில் ஒரே ஒரு இடைவெளி இட்டு அனைத்தையும் மாற்றுங்கள். பிறகு இரண்டாவதையும் அப்படியே செய்யுங்கள்.

```
^p^t
^l^t
```

Tab-க்குப் பதில் இடைவெளிகளை அடுக்கியிருந்தால், இரண்டு இடைவெளிகளை ஒன்றாக மாற்றும் வேலையை மாற்ற இனி ஏதும் இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவும். அதன்பின் `^p`-க்குப் பின்னால் ஓர் இடைவெளி வைத்துத் தேடி, அதை வெறும் இடைவெளியாக மாற்றலாம். ஓர் எச்சரிக்கை: இணைய முகவரியின் நடுவே வரி முறிக்கப்பட்டிருந்தால், இந்த மாற்றம் முகவரிக்குள் ஓர் இடைவெளியை நுழைத்துவிடும். முடித்ததும் https என்று தேடி ஒவ்வொரு முகவரியையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். பத்தி எண்ணிக்கை 84-க்கு வந்துவிட்டதா என்றும் மறுபடி சரிபாருங்கள்.

பத்திகள் ஒழுங்கான பிறகு தொங்கும் உள்தள்ளல் என்பது ஒரு நிமிட வேலை. ஹேங்கிங் இன்டென்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதல் வரி ஓரத்தில் நிற்கும், மற்ற வரிகள் உள்ளே நகரும். மென்பொருளுக்குள் இது இரண்டு அளவுகளின் கூட்டு: பத்தி முழுவதும் 1.27 செ.மீ. உள்ளே தள்ளப்படுகிறது, முதல் வரி மட்டும் அதே 1.27 செ.மீ. வெளியே இழுக்கப்படுகிறது. 1.27 செ.மீ. என்பது அரை அங்குலம். அமெரிக்க உளவியல் கழகம் வகுத்த ஏபிஏ மேற்கோள் முறையில் கேட்கப்படும் அளவும் இதுவே. வேர்டில் Paragraph பெட்டியைத் திறந்து Special என்பதில் Hanging தேர்ந்து By என்பதில் 1.27 இட்டால் போதும். லிப்ரே ஆபிஸில் இரண்டு அளவையும் நாமே இடவேண்டும்: Before text 1.27, First line −1.27. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் முதல் வரி இன்னும் உள்ளே போய்த் தலைகீழாகிவிடும்.

வேர்டில் Ctrl+T தட்டினாலும் தொங்கும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் இன்னொரு அரை அங்குலம் கூடும். பட்டியலில் சில பதிவுகள் மட்டும் இருமடங்கு உள்ளே நின்றால், அவற்றின் மீது இருமுறை தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். Ctrl+Q தட்டினால் அந்தப் பத்தியின் மேல் கையால் செய்த மாற்றங்கள் நீங்கும், பிறகு ஒருமுறை Ctrl+T போதும்.

இதையெல்லாம் ஒரு ஸ்டைலாகச் சேமித்துவைப்பதே நல்லது. வேர்டில் Bibliography என்ற பெயரில் ஒரு ஸ்டைல் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திருத்தி, தொங்கும் அளவையும் பதிவுகளுக்கிடையே 6 pt இடைவெளியையும் இட்டு, Keep lines together என்பதைத் தேர்ந்துவைத்தால், ஒரு நூலின் விவரம் பாதி இந்தப் பக்கத்திலும் பாதி அடுத்த பக்கத்திலும் பிரியாது. ஓரச் சீர்மையை இடப்பக்கமாக வையுங்கள். ஆய்வேட்டின் உடல் முழுக்க இரு ஓரமும் நிரப்பியிருந்தாலும், பட்டியலில் நீண்ட இணைய முகவரி வருவதால் அதற்கு முந்தைய வரி அசிங்கமாகப் பிளந்துபோகும். இடச்சீர்மையில் வரி குட்டையாக நிற்கும், அவ்வளவுதான்.

இனி வரிசை. உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பெயரின் வடிவம். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது. அப்படியே இட்டால் "மு. வரதராசன்" மு-வில் போய் நிற்பார், வ-வில் தேடுபவருக்குக் கிடைக்கமாட்டார். ஆகவே "வரதராசன், மு." என்று திருப்பி எழுதுவது வழக்கம். தலைப்பெழுத்தை முன்னாலேயே வைத்துப் பெயரால் மட்டும் அடுக்கவேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறை கேட்டால், Sort பெட்டியின் Options-இல் பிரிப்பான் இடத்தில் ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டு, Sort by என்பதில் Word 2-ஐத் தேரலாம். ஆனால் இது "உ.வே. சாமிநாதையர்" என்று ஒட்டி எழுதியிருந்தால்தான் பலிக்கும். "உ. வே." என்று நடுவில் இடைவெளி விட்டால் இரண்டாம் சொல் "வே." ஆகிவிடும்.

ஒரே ஆசிரியரை ஒரு நூலின் அட்டை இராமசாமி என்றும் இன்னொன்று ராமசாமி என்றும் அச்சிட்டிருக்கும். இலட்சுமணன், லட்சுமணன், அரங்கநாதன், ரங்கநாதன் என்று இது நீளும். இரண்டையும் அப்படியே விட்டால் ஒருவரே இரண்டு ஆசிரியராகிவிடுகிறார், அவரது நூல்களும் இரண்டு இடத்தில் சிதறுகின்றன. ஒரு வடிவத்தைத் தேர்ந்து எல்லா நூல்களையும் அதன்கீழ் கொண்டுவந்து, மற்ற வடிவம் வரும் இடத்தில் "ராமசாமி – காண்க: இராமசாமி" என்று ஒரு வரி இடுவதே வாசகருக்கு உதவும் என்பது என் கருத்து.

அடுத்தது மென்பொருளின் வரிசை. Home பட்டையில் A-யும் Z-ம் அம்புக்குறியோடு இருக்கும் பொத்தான்தான் Sort. பட்டியலைத் தேர்ந்து அதைச் சொடுக்கி, Paragraphs, Text, Ascending என்று வைத்து, Options-இல் Sorting language தமிழா என்று பார்த்து OK கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்த பிறகும் வந்த வரிசை தமிழ் அகராதி வரிசைதானா என்று சோதிக்காமல் நம்பக்கூடாது. ஒரு வெற்றுக் கோப்பில் கீழே உள்ள ஏழு பெயர்களைக் கலைத்துத் தட்டி, வரிசைப்படுத்திப் பாருங்கள். தமிழ் முறைப்படி அவை நிற்கவேண்டிய வரிசை இது:

```
அப்பாதுரை
அபிராமி
பத்மநாபன்
பரமசிவன்
பழனியப்பன்
பன்னீர்செல்வம்
ஜகந்நாதன்
```

எழுத்துகளின் யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவியாக இருந்தால் வேறொரு வரிசை வரும்:

```
அபிராமி
அப்பாதுரை
ஜகந்நாதன்
பத்மநாபன்
பன்னீர்செல்வம்
பரமசிவன்
பழனியப்பன்
```

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. யூனிகோடில் இந்திய மொழிகளின் இட ஒதுக்கீடு இந்திய எழுத்துகளுக்கான 1988-ஆம் ஆண்டின் இஸ்கி குறியீட்டுத் தரத்தைப் பின்பற்றியது. அதில் எல்லா மொழிகளும் தேவநாகரி அடுக்குக்கு இணையாக வைக்கப்பட்டன. அதனால் ன, ந-வுக்கு அடுத்து வந்துவிட்டது. ற, ர-வுக்கு அடுத்தும், ழ, ள-வுக்கு அடுத்தும் வந்தன. ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் அமர்ந்தது. நம் வரிசையோ ய ர ல வ ழ ள ற ன என்று முடிந்து, கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்னால் வருவது. பன்னீர்செல்வம் நான்கு ப-காரப் பெயர்களில் கடைசியிலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டதும், ஜகந்நாதன் ப-வுக்கு முன்னால் வந்துவிட்டதும் இதனால்தான்.

அப்பாதுரையும் அபிராமியும் இடம் மாறியது வேறு காரணத்தால். தமிழ் அகராதியில் மெய் முதலில், அதன் உயிர்மெய்கள் பிறகு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலும் புள்ளி எழுத்து முன்னால்தான் நிற்கும். யூனிகோடில் ப் என்பது தனி எழுத்தன்று. ப-வும் புள்ளியும் சேர்ந்தது. அந்தப் புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்க்கும் கருவிக்கு அபி-க்குப் பிறகுதான் அப். முத்துசாமி, முதலியார் என்ற இரு பெயர்களையும் அது இதேபோல் மாற்றிவைக்கும்: தமிழில் முத்துசாமி முன்னால், எண் வரிசையில் முதலியார் முன்னால்.

சோதனையில் ஏழு பெயர்களும் சரியாக வந்தால் நிம்மதி. தவறினால் எந்த வகைத் தவறு என்பது உடனே தெரிந்துவிடும். பட்டியலில் எங்கெல்லாம் கைவைக்கவேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும்: புள்ளி வரும் இடம், ழ ற ன வரும் இடம், கிரந்தத்தில் தொடங்கும் பெயர்.

தட்டச்சுப் பிழை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவை" என்று எழுதுவது மிகப் பரவலான பழக்கம். திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வரிசைப்படுத்தும்போது ஒ-வில் தொடங்கும் பெயராக எண்ணப்பட்டு, ஓ-வுக்கு முன்னாலேயே நின்றுவிடும். எழுத்துக்குப் பின் கர்சரை வைத்து Backspace ஒருமுறை தட்டுங்கள். "ஒ" மட்டும் மிஞ்சினால் அது இரண்டு எழுத்து. அதேபோல் பதிவின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ மேற்கோள் குறியோ இருந்தால், அந்தப் பதிவு பட்டியலின் உச்சிக்கு ஓடிவிடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை வரிசைப்படுத்துவது பயனற்றது. அங்கே திரையில் தெரிவது தமிழ், கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்து. "அம்மா" என்பது `mk;kh` என்று சேமிக்கப்பட்டிருக்கும். அ-வுக்கு m, க-வுக்கு f, ப-வுக்கு g என்பதால் க, ப, அ என்ற வரிசைதான் கிடைக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஆங்கில நூல்களைத் தமிழ் நூல்களிலிருந்து பிரித்துத் தனித் தலைப்பில் வைப்பதே நம் ஆய்வேடுகளில் பெருவழக்கு. இரண்டையும் தனித்தனியே தேர்ந்து வரிசைப்படுத்துங்கள். ஆங்கிலப் பகுதியில் எழுத்து வரிசை தவறாது. தவறுவது விதிகள். மாதிரிக்காக வைத்த பெயர்களில் ஏபிஏ முறைப்படி ஒரு சிறு பகுதியைப் பார்ப்போம். மென்பொருள் கொடுக்கும் வரிசை இது:

```
Kumar, S. (2011).
Kumar, S. (2018).
Kumar, S. (n.d.).
Kumar, S., & Velu, T. (2009).
Kumar, S., Anand, P., & Velu, T. (2014).
```

தனி ஆசிரியராக எழுதியவை கூட்டாக எழுதியவற்றுக்கு முன் வந்திருக்கின்றன, அது சரி. ஒரே ஆசிரியரின் நூல்களில் பழைய ஆண்டு முன்னால் வந்ததும் சரி. ஆனால் ஆண்டு தெரியாத நூல், ஆண்டுள்ள நூல்களுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்பது விதி. n என்ற எழுத்து எண்களுக்குப் பின் வருவதால் மென்பொருள் அதைக் கீழே தள்ளிவிட்டது. கடைசி இரண்டும் இடம் மாறவேண்டும். இரண்டாம் ஆசிரியரின் பெயரை ஒப்பிட்டால் Anand, Velu-வுக்கு முன். மென்பொருளோ & குறியையே ஓர் எழுத்தாகப் பார்த்து, குறிகள் எழுத்துகளுக்கு முன் என்று அடுக்கிவிட்டது. இரண்டு ஆசிரியர் நூல்கள் எல்லாம் மூன்று ஆசிரியர் நூல்களுக்கு முன்னால் கொத்தாக நிற்கின்றன என்றால் இந்தத் தவறுதான். திருத்திய வரிசை:

```
Kumar, S. (n.d.).
Kumar, S. (2011).
Kumar, S. (2018).
Kumar, S., Anand, P., & Velu, T. (2014).
Kumar, S., & Velu, T. (2009).
```

அச்சிலிருக்கும் நூலுக்கு இடும் in press என்ற குறிப்பு இதற்கு நேர்மாறு. அது அந்த ஆசிரியரின் நூல்களில் கடைசியாக வரவேண்டும்.

ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு நூல் எழுதியிருந்தால் 2015a, 2015b என்று பிரிக்கிறோம். தமிழில் 2015அ, 2015ஆ என்றும் எழுதுவார்கள். எது a என்பதை நூல் தலைப்பின் அகரவரிசை முடிவுசெய்யும். ஆங்கிலத் தலைப்பின் முதலில் வரும் A, An, The ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக்கூடாது. எழுதத் தொடங்கும்போதே இந்த எழுத்துகளை இட்டுவிட்டு, பிறகு இன்னொரு 2015 நூல் நடுவில் புகுந்தால், ஆய்வேட்டின் உள்ளே இருக்கும் அடைப்புக்குறிக் குறிப்புகள் எல்லாம் தவறான நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். இது பக்க அமைப்புப் பிழையன்று, பொருட்பிழை. பட்டியல் முழுதும் முடிந்த பிறகே a, b இடுங்கள். இட்டதும் Ctrl+F-இல் 2015 என்று தேடி உள்ளே வரும் ஒவ்வொரு சுட்டலையும் பொருத்திப் பாருங்கள். ஆசிரியர் பெயர் திரும்ப வரும்போது நீண்ட கோடு இடும் வழக்கமுள்ள முறைகளில், அந்தக் கோட்டையும் கடைசியில்தான் இடவேண்டும். முன்பே இட்டால் கோடுகள் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து எது யாருடைய நூல் என்பதே அழிந்துபோகும்.

இடம் மாற்றவேண்டிய பதிவுகள் நாலைந்துதான் என்றால் வெட்டி ஒட்டவேண்டாம். வெட்டும்போது ¶ குறி விடுபட்டால் பதிவு தன் உள்தள்ளலை இழந்து, அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். பதிவின் உள்ளே கர்சரை வைத்து Alt+Shift-ஐப் பிடித்துக்கொண்டு மேல் அம்பு, கீழ் அம்பு தட்டினால் பத்தி முழுதாக நகரும். லிப்ரே ஆபிஸில் அதே வேலைக்கு Ctrl+Alt.

நிறைய மாற்றவேண்டியிருந்தால் எண் போட்டு அடுக்குவது நம்பகமானது. ஒவ்வொரு பதிவின் முன்னும் 010, 020, 030 என்று மூன்றிலக்க எண்ணும் ஒரு Tab-உம் இடுங்கள். பத்துப் பத்தாகத் தாவுவதால் 020-க்கும் 030-க்கும் நடுவே ஒன்று வரவேண்டுமானால் 025 என்று இடலாம். நூறோ அதற்கு மேலோ நூல்கள் இருந்தால் நாலிலக்கம் வையுங்கள். எண்படி Sort செய்தபின், பட்டியலைத் தேர்ந்து Ctrl+H-இல் இதைத் தேடி, மாற்றும் கட்டத்தை வெறுமையாக விட்டு நீக்கிவிடலாம்:

```
^#^#^#^t
```

`^#` என்பது ஏதேனும் ஓர் இலக்கம், எனவே நாலிலக்கம் இட்டவர்கள் அதை நாலுமுறை தட்டவேண்டும். பதிவுகளுக்குள் வேறு எங்கும் Tab இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையேல் ஓர் ஆண்டின் கடைசி மூன்று இலக்கங்களும் சேர்ந்து அழிந்துவிடலாம்.

வரிசை ஒருமுறை கையால் திருத்தப்பட்டுவிட்டால் அதன்பின் Sort பொத்தானைத் தொடாதீர்கள். ஒரு தட்டில் எல்லாத் திருத்தமும் கலைந்து பழைய இடத்துக்குப் போய்விடும். கடைசி நேரத்தில் ஒரு நூலைச் சேர்க்கவேண்டி வந்தால், அது எந்தப் பதிவுக்கு அடுத்து வருமோ அதன் முடிவில் கர்சரை வைத்து Enter தட்டித் தொடங்குங்கள். புதிய பத்தி அந்த ஸ்டைலையும் தொங்கலையும் தானே எடுத்துக்கொள்ளும்.